இமை தொங்குகிறது, கடித்த தடம் இல்லை: கேஸ் கேள்வியில் நோயைக் கண்டுபிடிக்கும் முறை

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மதுரைக்குத் திரும்பி, எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வீட்டு மொட்டை மாடியில் கூடுவார்கள். அவர்கள் அதிகம் தடுமாறுவது கேஸ் கேள்விகளில்தான். பாடம் தெரிந்திருக்கும், ஆனால் பத்து வரிக் கேஸைப் படித்து முடிக்கும்போது எந்த வரியை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்கள். அவர்களோடு ஒரே ஒரு கேஸை ஒரு மாலை முழுக்கப் பேசினேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

தேர்வில் மொத்தம் 300 கேள்விகள். ஒவ்வொன்றும் 150 கேள்விகளாக இரண்டு பகுதிகள், பகுதிக்கு 150 நிமிடம். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வந்தாலும் ஒற்றை வரிக் கேள்விகள் இருபது நொடியில் முடிந்துவிடும். அதில் மிச்சமாகும் நேரம் கேஸ் கேள்விக்குப் போகும். ஒரு கேஸுக்கு ஒன்றரை நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தேர்வில் கேள்வி ஆங்கிலத்தில்தான் வரும். நான் தமிழில் சொல்கிறேன்:

"உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த 28 வயது விவசாயி, விடிகாலை 4 மணிக்குக் கடும் வயிற்று வலியோடு விழித்தார். ஒரு முறை வாந்தி எடுத்தார். 6 மணிக்கு இரண்டு கண் இமைகளும் தொங்கின, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது. 7 மணிக்கு விழுங்க முடியவில்லை, பேச்சு மூக்கால் வந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. முந்தின நாள் மாலை பருத்திக்கு மருந்து அடித்திருக்கிறார். இரவு சொந்தக்காரர் வீட்டுக் கிடா விருந்தில் சாப்பிட்டுவிட்டு, வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தார். விருந்தில் சாப்பிட்ட வேறு யாருக்கும் தொந்தரவு இல்லை. காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. நாடி 104, ரத்த அழுத்தம் 140/90, மூச்சு நிமிடத்துக்கு 24. பியூப்பில் இரண்டும் 5 மில்லிமீட்டர், வெளிச்சத்துக்கு மெதுவாகச் சுருங்குகின்றன. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கை கால் பலம் சற்றுக் குறைவு, ரிஃப்ளெக்ஸும் குறைவு. தொடு உணர்ச்சி சரியாக இருக்கிறது. நுரையீரல் சுத்தம். உடலில் கடித்த தடமோ வீக்கமோ இல்லை. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறைந்தது. இவருக்கு இருக்கக்கூடிய நோய் எது?"

விடைகள்: பாட்யூலிசம், ஆர்கனோபாஸ்பேட் விஷம், கட்டுவிரியன் கடி, நல்ல பாம்புக் கடி.

கடைசி வரியை முதலில் படியுங்கள்

இதே கேஸை வைத்து நான்கு விதமாகக் கேட்கலாம். நோய் எது, அடுத்து என்ன செய்வீர்கள், எந்தப் பரிசோதனை, விஷம் எந்த இடத்தில் வேலை செய்கிறது. நோய் எது என்று கேட்டிருக்கும்போது சிகிச்சையை யோசிக்க ஆரம்பித்தால் முப்பது நொடி போய்விடும். கடைசி வரியைப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள். விடைகளை மட்டும் இப்போது பார்க்காதீர்கள். அவை கண்ணில் பட்டுவிட்டால் கேஸை அவற்றுக்குத் தகுந்தபடி வளைத்துப் படிக்கத் தொடங்கிவிடுவோம். அன்றைக்கு மாடியில் ஒரு தம்பி செய்தது அதுதான். "அக்கா, மருந்து அடிச்சார்னு இருக்கு, ஆப்ஷன்ல ஆர்கனோபாஸ்பேட் இருக்கு, அதான் போட்டேன்" என்றான். பருத்தி வரியும் விடையும் அவன் மனதில் கைகோத்துக்கொண்டன. நடுவில் இருந்த ஏழெட்டு வரிகளை அவன் படிக்கவே இல்லை.

ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள்

கேஸைப் படித்ததும் அதை ஒரு வரியில் சுருக்க வேண்டும். அந்த வரியில் யார், எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்ற மூன்றும் இருக்க வேண்டும். இதில் பெரும்பாலோர் விட்டுவிடுவது நேரத்தை. கேள்வி தயாரிப்பவர் 4 மணி, 6 மணி, 7 மணி என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. மூன்று மணி நேரத்துக்குள் ஒருவருக்கு இமை தொங்கி, விழுங்க முடியாமல் போயிருக்கிறது. நாட்களில் வளரும் நோயும் வாரங்களில் வளரும் நோயும் இதிலேயே பின்னால் போய்விடும்.

அடுத்து வரிசை. முதலில் கண், பிறகு தொண்டை, பிறகு கழுத்து, கை கால் கடைசியில் சற்றே. பலவீனம் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே நம் ஒரு வரி இப்படி வரும்: "ஆரோக்கியமாக இருந்த இளைஞருக்கு, தூங்கி எழுந்த சில மணி நேரத்தில், நினைவு தப்பாமல், காய்ச்சல் இல்லாமல், கண்ணில் தொடங்கிக் கீழே இறங்கும் வாதம்."

இந்த வரியில் கிடா விருந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். முதலில் உடம்பு சொல்வதை எழுத வேண்டும். நோயாளி முந்தின நாள் எங்கே போனார், என்ன செய்தார் என்பது அப்புறம் வரட்டும்.

பழுது எந்த இடத்தில்?

நரம்பு சம்பந்தப்பட்ட எந்தக் கேஸிலும் நோயின் பெயருக்கு முன்னால் இடத்தைக் கேளுங்கள். மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, நரம்பும் தசையும் சேரும் சந்தியிலா, தசையிலா?

நினைவு தெளிவாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பாதிக்கவில்லை. மூளையும் மூளைத்தண்டும் பின்னுக்குப் போகின்றன. கண்ணும் தொண்டையும் முதலில் போனதால் தண்டுவடம் இல்லை. உணர்ச்சி சரியாக இருக்கிறது என்ற வரி, உணர்ச்சி நரம்பும் சேர்ந்து பாதிக்கும் நோய்களைத் தள்ளிவைக்கிறது. இரண்டு இமையும், கண்ணை அசைக்கும் தசைகளும், தொண்டையும், கழுத்தை மடக்கும் தசைகளும் சேர்ந்து சோர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நரம்புத் தசைச் சந்தியை. பழுது அங்கேதான்.

இந்த ஒரு முடிவு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சந்தியை மணிக்கணக்கில் முடக்கக்கூடியவை விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதான்: பாம்பு விஷம், பாட்யூலிசம், ஆர்கனோபாஸ்பேட். மயஸ்தீனியாவும் சந்தி நோய்தான், ஆனால் அது வாரக்கணக்கில், காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் வரும். குய்லான் பார்ரே நரம்பைத் தாக்குவது, வழக்கமாகக் காலில் தொடங்கி நாட்கணக்கில் மேலே ஏறும். இரண்டையும் நேரமே கழித்துவிடுகிறது.

இப்போது கதை வரிகளுக்கு வாருங்கள்

மூன்று பெயர்கள் கையில் இருக்கின்றன, மூன்று கதை வரிகளும் இருக்கின்றன: பருத்தி மருந்து, கிடா விருந்து, தரைப் படுக்கை. கேள்வி தயாரித்தவர் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தூண்டில் போட்டிருக்கிறார். எந்தக் கதை வரிக்கு உடம்பில் சாட்சி இருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

பருத்தி மருந்தை எடுங்கள். ஆர்கனோபாஸ்பேட் அசிடைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிடைல்கோலின் தேங்குவதால் பியூப்பில் ஊசிமுனையாகச் சுருங்கும், வியர்க்கும், கண்ணீர் வரும், நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குழாய் இறுகும், தசை துடிக்கும், நாடி பெரும்பாலும் மெதுவாகும். நம்மவருக்குப் பியூப்பில் 5 மில்லிமீட்டர், நுரையீரல் சுத்தம், நாடி 104. சாட்சி ஒன்றுகூட இல்லை.

"எச்சில் வழியுதே அக்கா?" என்று ஒரு தங்கை கேட்டாள். இந்தக் கேஸிலேயே நல்ல கேள்வி அது. எச்சில் வழிவதற்கு இரண்டு காரணம் உண்டு. அதிகம் சுரந்தாலும் வழியும், விழுங்க முடியாமல் தேங்கினாலும் வழியும். விழுங்க முடியவில்லை என்ற சொல் அதே வரியில் இருக்கிறது. சுரப்பு கூடியிருந்தால் கண்ணீரும் வியர்வையும் நெஞ்சுச் சளியும் கூடவே வந்திருக்கும். தனியாக எச்சில் மட்டும் வந்தால் அது தொண்டையின் பலவீனம்.

பூச்சிமருந்து விஷத்தில் ஒன்று முதல் நான்கு நாட்கள் கழித்துக் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோரும் இடைநிலைக் கட்டம் ஒன்று உண்டு. கழுத்தைத் தூக்க முடியவில்லை என்பதைப் பார்த்து அதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது முதலில் சுரப்புக் கட்டம் வந்து போன பிறகு வருவது. அந்த முதல் கட்டமே இங்கே நடக்கவில்லை.

கிடா விருந்துதான் சிக்கலானது. பாட்யூலிசமும் கண்ணில் தொடங்கிக் கீழே இறங்கும், உணர்ச்சியைத் தொடாது, வாந்தியும் வயிற்று வலியும் தரும், பியூப்பிலை விரிக்கும். "பியூப்பில் விரிஞ்சா பாட்யூலிசம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே விழுவார்கள். கட்டுவிரியன் விஷத்திலும் பியூப்பில் விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் போகலாம். ஆகவே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பியூப்பில் உதவாது. உதவுவது வேறு. பாட்யூலிசத்தில் வாய் வறண்டுபோகும், இங்கே ஈரமாக இருக்கிறது. அது சாப்பிட்ட பின் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கி, அதற்குப் பிறகும் மெல்ல வளரும். இங்கே விடிவதற்குள் தொடங்கி, மூன்று மணி நேரத்தில் தொண்டை வரை வந்துவிட்டது. அந்த நச்சு கெட்டுப்போன டப்பா உணவிலோ வீட்டில் அடைத்துவைத்த உணவிலோ உருவாவது, நன்றாகக் கொதித்தால் அழியக்கூடியது. அன்றைக்கே வெட்டிச் சமைத்துச் சுடச்சுடப் பரிமாறிய குழம்பு அதற்கு ஏற்ற இடம் இல்லை. கூடச் சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் இல்லை என்ற வரியும் அதற்கு எதிராகவே நிற்கிறது.

மிச்சம் இருப்பது தரைப் படுக்கை. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. வீட்டுக்குள் எலியையும் மற்ற பாம்புகளையும் தேடி வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதன் பல் சிறியது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது, தடமே தெரியாமலும் போகும். தூக்கத்தில் கடி வாங்கியவர் பல நேரம் வயிற்று வலியோடுதான் விழிப்பார். தரையில் தூக்கம், விடிகாலை வயிற்று வலி, இமை தொங்கல் என்ற மூன்றும் ஒரே கேஸில் சேர்ந்தால், தடம் இல்லாவிட்டாலும் பெயர் கட்டுவிரியன்தான்.

தடம் இல்லை என்ற வரியைப் பார்த்துப் பாம்பை அடித்துவிடுவதுதான் இந்தக் கேஸில் அதிகம் பேர் செய்த தவறு. ஒரு அறிகுறி இல்லை என்றால் உடனே நோயை நீக்கக் கூடாது. அந்த நோயில் அது கட்டாயம் இருக்க வேண்டியதுதானா என்று கேட்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் இப்படி ஒரு நிலையை உண்டாக்கியிருந்தால் சுரப்புகள் கூடியிருந்தே ஆக வேண்டும், அதனால் அவை இல்லாதது அதை வீழ்த்துகிறது. கட்டுவிரியன் கடியில் தடம் இருந்தே ஆக வேண்டியதில்லை, அதனால் அது இல்லாதது ஒன்றையும் வீழ்த்தவில்லை.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் விடிகாலை ஒரு பையனை வயிற்று வலி என்று தூக்கி வந்தார்கள். அல்சர் ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். அரை மணி கழித்து வயதான செவிலியர் ஒருவர் வந்து, "டாக்டரம்மா, அந்தப் பையன் கண்ணத் தொறக்க மாட்டேங்கறான், தூக்கம்னு நெனச்சேன், கூப்பிட்டா பதில் சொல்றான்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இமையைத் தூக்க அவனால் முடியவில்லை. எங்கே படுத்திருந்தான் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். களத்து மேட்டில், நெல்லுக்குக் காவல். ஆறு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனான். எங்கே தூங்கினீர்கள் என்ற கேள்வியை அன்றிலிருந்து விடிகாலை வயிற்று வலிக்காரர் ஒருவரிடமும் நான் விட்டதில்லை.

கடைசி இரண்டில் ஒன்று

தேர்வில் பெரும்பாலும் இரண்டு விடைகள் மிஞ்சும். இங்கே கட்டுவிரியனும் நல்ல பாம்பும். இரண்டும் சந்தியை முடக்குபவை, இரண்டிலும் இமை தொங்கும், இரண்டிலும் ரத்தம் உறையும். ஆகவே இமையையும் ரத்த உறைவையும் ஒதுக்கிவிடுங்கள். பொதுவாக இருப்பதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை வராது. வேறுபடும் ஒன்றைத் தேடிக் கேஸுக்குத் திரும்புங்கள்.

நல்ல பாம்பு கடித்தால் அந்த இடம் வலிக்கும், வீங்கும், கொப்புளம் வந்து தோல் கறுக்கலாம். கடித்தது தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்க முடியாது. நம் கேஸில் வீக்கம் இல்லை. விடை கட்டுவிரியன்.

இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த கேள்வி அங்கிருந்து வரும். நல்ல பாம்பின் விஷம் சந்தியின் தசைப் பக்கத்தில் உள்ள ஏற்பியில் உட்கார்ந்து அசிடைல்கோலினை மறிக்கிறது. நியோஸ்டிக்மின் கொடுத்து அசிடைல்கோலினைக் கூட்டினால் இமை மேலே ஏறும். கட்டுவிரியனின் முக்கிய விஷமான பீட்டா பங்காரோடாக்சின் நரம்பு முனையையே சேதப்படுத்துகிறது. வெளியிட அசிடைல்கோலினே இல்லாதபோது நியோஸ்டிக்மினுக்குப் பெரிதாகப் பலன் இருக்காது. நரம்பு முனை மறுபடி வளர நாட்கள் ஆகும். அதுவரை மூச்சைத் தாங்கிப்பிடிப்பதுதான் உயிரைக் காக்கிறது. "அட்ரோபினும் நியோஸ்டிக்மினும் கொடுத்து ஒரு மணி நேரமாகியும் இமை உயரவில்லை" என்று கேஸில் ஒரு வரி வந்தால், அது கட்டுவிரியனைக் காட்டுகிறது.

ஒரு வரியை மாற்றிப் பாருங்கள்

ஒரு கேஸை முடித்ததும் அடுத்ததற்கு ஓடாதீர்கள். அதே கேஸில் ஒரே ஒரு வரியை மாற்றி, விடை மாறுகிறதா என்று பாருங்கள். நூறு புதுக் கேள்வி போடுவதைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை. எந்த வரி கேஸைத் தாங்குகிறது என்பது இதில் கையும் களவுமாகப் பிடிபடும்.

ரத்தம் உறைந்தது என்பதை "20 நிமிடம் கழித்தும் உறையவில்லை, கால் வீங்கியிருக்கிறது" என்று மாற்றுங்கள். இமை தொங்கலைத் தொடாமல் விடுங்கள். இப்போது விடை கண்ணாடி விரியன். "அது ரத்தத்துக்கு, இது நரம்புக்கு" என்று வாய்ப்பாடு வைத்திருப்பவர்கள் இங்கே குழம்புவார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்து ரத்தக் கோளாறோடு இமையும் தொங்குவது உண்டு. இரண்டும் ஒன்றாக வந்து, சிறுநீரும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

இமை தொங்கலையும் விழுங்க முடியாததையும் எடுத்துவிட்டு, "எழுந்தபோது கையும் காலும் தூக்க முடியவில்லை, கண்ணும் பேச்சும் சரியாக இருக்கின்றன, பொட்டாசியம் 1.9" என்று போடுங்கள். கிடா விருந்து இப்போது தூண்டிலாக இல்லாமல் துப்பாகிவிடுகிறது. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுத் தூங்கி எழும்போது வரும் பொட்டாசியம் குறைவு வாதம் அது. எச்சரிக்கை ஒன்று: கட்டுவிரியன் கடியிலும் பொட்டாசியம் குறைவதுண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பாமல் இமையைப் பாருங்கள்.

கடைசி வரியை மாற்றி, "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, கழுத்தைத் தூக்க முடிகிறதா என்பவை மூச்சுத் தசையின் நிலையைச் சொல்லும் வரிகள். அவை மோசமாக இருந்தால் முதல் விடை மூச்சுக்குழாயைக் காப்பது, விஷமுறிவு மருந்து அதோடு சேர்ந்து வரும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம், அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும். நோயாளி குழந்தையாக இருந்தாலும் விஷமுறிவு மருந்தின் அளவைக் குறைக்கக் கூடாது, ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று குறைவாக விஷம் செலுத்துவதில்லை.

தப்பானால் எங்கே தப்பியது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் தப்பான ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு வரி போதும். "பாம்பு பாடம் மறுபடி படிக்கணும்" என்று எழுதாதீர்கள். எந்த வரியில் வழுக்கினீர்கள் என்று எழுதுங்கள். பருத்தியைப் பார்த்ததும் தாவிய தம்பி எழுதியது: "பியூப்பில் பார்க்கல." எச்சிலைக் கேட்ட தங்கை எழுதியது: "சுரப்பா தேக்கமா?" இன்னொருவன் நல்ல பாம்பு போட்டிருந்தான். அவன் நோட்டில் இருந்தது: "ரெண்டுக்கும் பொதுவானதையே பாத்துக்கிட்டிருந்தேன்." முப்பது கேஸ் முடிந்ததும் அந்த வரிகளை வரிசையாகப் படித்தால் ஒரே வழுக்கல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருக்கு அது நேரம், சிலருக்கு 'இல்லை' என்று சொல்லும் வரிகள். அடுத்த வாரப் பயிற்சியில் அந்த ஒன்றை மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கொடுத்திருப்பது இதே விவசாயிதான். வயிற்று வலி அப்படியே, வாந்தி நிற்கவில்லை, இமை தொங்கவில்லை. நாடி 44, ஒழுங்கில்லாமல். பொட்டாசியம் 6.4. வீட்டு வாசலில் மஞ்சள் அரளி.